சந்தாவா, சொந்தமா? வாரம் 3 மணி நேரம் கேம் ஆடுபவர்களுக்கான கேள்வி பதில்

சனி, ஞாயிறு இரவு குழந்தை தூங்கிய பிறகு மொத்தம் 3 மணி நேரம்தான் கிடைக்கிறது. கேம் பாஸ் சந்தா போடலாமா, ஸ்டீம் கடையில் வாங்கலாமா?

நீங்கள் ஆடுவது நீளமான கேமா, குட்டி கேமா என்பதைப் பொறுத்தது. உங்களுக்கு மாதம் 12, 13 மணி நேரம் வருகிறது. கதையை முடிக்க 50 மணி பிடிக்கும் ஆர்பிஜி என்றால் 4 மாதம் இழுக்கும். சந்தா மாதம் 500 ரூபாய் என்று வையுங்கள், ஒரே கேமுக்கு 2,000 ரூபாய் வாடகை. 3,000 ரூபாய்க்கு வந்த கேம்கூட ஓரிரு வருடத்தில் ஸ்டீம் கோடைத் தள்ளுபடியில் பாதி விலைக்கு இறங்குவது சகஜம். வாங்கியதை 2 மாதம் தொடாமல் விட்டாலும் மீட்டர் ஓடாது. ஆறேழு மணியில் முடிகிற கேம்கள்தான் பிடிக்கும் என்றால் கணக்கு தலைகீழ். ஒரு மாதச் சந்தாவில் இரண்டை முடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

டவுன்லோட் நேரத்தை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 50 எம்பிபிஎஸ் இணைப்பில் 80 ஜிபி இறங்க மூன்றரை மணி ஆகும். "இதையும் பார்ப்போமே" என்று மாற்றி மாற்றி இறக்கினால் உங்கள் வாரம் அதிலேயே போய்விடும். ஒரு சனிக்கிழமை இரவு முழுக்கச் சதவீதம் ஏறுவதைப் பார்த்தபடியே தூங்கிப்போனவன் நான்.

அப்புறம், சந்தா போட்ட அன்றே ஆட்டோ ரினியூவலை அணைத்துவிடுங்கள். கட்டிய மாதம் முடியும்வரை ஆடலாம்.

சந்தா நூலகத்திலிருந்து கேமைத் தூக்கினால் சேவ் எல்லாம் அழிந்துவிடுமாமே?

சேவ் இருக்கும், கேம்தான் இருக்காது. அதே கடையில் வாங்கினால் விட்ட இடத்தில் தொடரலாம். ஸ்டீமில் வாங்கினால் பெரும்பாலும் முதலிலிருந்துதான். சந்தா கேமுக்கு டிஎல்சி என்கிற கூடுதல் பகுதிகளை வாங்காதீர்கள். மூல கேம் போனால் அது சும்மா கிடக்கும்.

என் லேப்டாப்பில் 4 ஜிபி ரேம். எந்தச் சந்தா ஓடும்?

முதலில் ரேம் வாங்குங்கள்.

வாங்கினால் சொந்தம் என்கிறீர்கள். 'தி க்ரூ' கார் பந்தய கேமை வாங்கியவர்கள் கதி தெரியுமா, சார்?

தெரியும். 2024 மார்ச் 31 அன்று யுபிசாஃப்ட் சர்வரை மூடியது, டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் ஆட முடியவில்லை. எப்போதும் இணையம் கேட்கும் கேமுக்கு இந்த ஆபத்து உண்டு. அதை வைத்து எல்லாமே வாடகைதான் என்று சொல்வதை ஏற்க மாட்டேன்.

ஸ்டீமில் வாங்குவதும் உரிமம்தானே? ஜிஓஜி கடை மாதிரி இன்ஸ்டாலரைக் கையில் கொடுத்தால்தான் சொந்தம்.

சரி, ஜிஓஜி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் ஒரு முறை முடித்துவிட்டு மூடுகிறவருக்கு 10 வருடம் கழித்து இன்ஸ்டாலர் எதற்கு? "என் மகன் ஆடுவான்" என்பீர்கள். என் மகன் என் கேம் எதையும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

எனக்கு நேரமே இல்லை. சந்தாவா, வாங்குவதா?

முதல் பதில். ஆட்டோ ரினியூவலை அணைத்தீர்களா?

தள்ளுபடியில் 11 கேம் வாங்கினேன், 2தான் திறந்தேன். மீதிக்குப் பணம் திரும்ப வருமா?

வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணிக்குள் இருந்தால் ஸ்டீம் திருப்பித் தரும். நம்மைப் போன்றவர்கள் மாட்டுவது அந்த 14 நாளில்தான், திறப்பதற்குள் கெடு போய்விடும். வெள்ளிக்கிழமை வாங்கி சனிக்கிழமையே ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். அந்த 9 எப்போது வாங்கியவை?