உப்புக் கிணற்று நீரில் பொட்டாசியம் கூடித் தெரிவது ஏன்? ஃபிளேம் போட்டோமீட்டர் கேள்வி பதில்

உவரிப் பக்கத்து ஆய்வக உதவியாளர்: அண்ணாச்சி, கிணற்று நீரில் லிட்டருக்குச் சோடியம் 600 மி.கி., பொட்டாசியம் 9 மி.கி. வருகிறது. வெளியே அனுப்பினால் பொட்டாசியம் 7தான் என்கிறார்கள். எது சரி?

அவர்கள் பக்கம்தான் சாய்வேன், தம்பி. ஃபிளேம் போட்டோமீட்டர் நீரைச் சுடரில் தெளித்து, எழும் ஒளியை வைத்து அளக்கும் கருவி. அளவு தெரிந்த உங்கள் ஸ்டாண்டர்ட் கரைசலில் பொட்டாசியம் குளோரைடு மட்டும் இருக்கிறது. கிணற்றிலோ பாதிக் கடல் இருக்கிறது. சுடரில் பொட்டாசியத்தின் ஒரு பங்கு எலக்ட்ரானை இழந்து அயனியாகிவிடும். அந்தப் பங்கு நாம் அளக்கும் சிவப்பு ஒளியைத் தராது. சோடியமும் கூட எரிந்தால் அதன் எலக்ட்ரான்கள் சுடரில் நிறைந்து, பொட்டாசியத்தின் இழப்பு குறையும்; ஒளி கூடும். போதாததற்குச் சோடியத்தின் வெளிச்சமும் ஒளி வடிகட்டியில் கொஞ்சம் கசியும்.

எல்லா ஸ்டாண்டர்டிலும், பொட்டாசியம் சேர்க்காத பூஜ்ஜியக் கரைசலிலும்கூட, லிட்டருக்கு 1.525 கிராம் உலர்ந்த சோடியம் குளோரைடு சேருங்கள். சோடியம் 600 ஆகிவிடும். வெறும் ஸ்டாண்டர்டில் 5க்கு 25, 10க்கு 50 என்று முள் காட்டி, உங்கள் நீர் 45 காட்டியது என்று வையுங்கள். விடை 9. உப்புச் சேர்த்தபின் பூஜ்ஜியமே 6 காட்டும், 5க்கு 33, 10க்கு 60. 6இலிருந்து 60க்கு, பத்து மி.கி.க்கு 54 கோடு, ஒன்றுக்கு 5.4. இப்போது 45இல் 6 போக 39, அதை 5.4ஆல் வகுத்தால் 7.2.

பாளையங்கோட்டைக் கல்லூரி ஆசிரியர்: எதற்கு இவ்வளவு பாடு? பத்து மடங்கு நீர்த்துவிட்டால் போதாதா?

சோடியத்தை அளக்க நீர்க்கத்தான் வேண்டும், சார். பொட்டாசியமோ 0.7க்கு இறங்கிவிடும், முள் 4 கோடுகூட ஏறாது. நீர்க்க நீர்க்க அயனியாகும் பங்கும் கூடும்.

அதே ஆசிரியர்: சரி. அந்த 6 கசிவுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? உங்கள் உப்பிலேயே பொட்டாசியம் மாசு இருக்கலாமே?

நல்ல அடி! மாசு என்றால் 6ஐக் கழிக்கவே கூடாது, 45ஐ 5.4ஆல் வகுக்க வேண்டும், விடை 8.3 ஆகிவிடும். வேறு புட்டி உப்பில் பூஜ்ஜியம் செய்து பாருங்கள். 6 மாறினால் உப்பின் குற்றம். மாறாவிட்டால் கசிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு புட்டியிலும் ஒரே மாசு இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சத்தியம் செய்யமாட்டேன்.

வள்ளியூர் மாணவி: கால்சியம்தான் காரணம் என்று படித்தேன், ஐயா.

கால்சியத்தின் ஆரஞ்சு ஒளி சோடியம் அளவைத்தான் தூக்கும், அம்மா. இங்கே கேள்வி பொட்டாசியம்.

உரக்கடைக்காரர்: பொட்டாஷ் மூட்டையில் 60 சதவீதம் என்றிருக்கிறது, சோதனையில் 49.6தான். கலப்படமா?

மூட்டை சொல்வது ஆக்சைடு கணக்கு, சோதனை சொல்வது தனிப் பொட்டாசியம். 1.2046ஆல் பெருக்குங்கள்: 59.7. கடைக்காரரைத் திட்டிவிடாதீர்கள், அது நீங்கள்தான்.

சேரன்மகாதேவி வாசகர்: காய்ச்சி வடித்த நீரே சோடியம் காட்டுகிறதே?

இன்று மூன்றாவது ஆள் நீங்கள். கண்ணாடிப் புட்டியில் வைக்காதீர்கள், பாலிதீனில் வையுங்கள். உறிஞ்சு குழாயை விரலால் துடைக்காதீர்கள்.

ஸ்ரீவைகுண்டம் வாழை விவசாயி: ஆற்று நீரில் பொட்டாசியம் 3 என்றார்கள். வாழைக்கு எவ்வளவு பொட்டாஷ் போட?

அண்ணாச்சி, நீரை விடுங்கள். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.