சுவர் பிராக்கெட்டில் கீலில் வரும் எதிர்விசை எந்தத் திசையில் இருக்கும்? கையின் நீளவாக்கிலேயே போட்டால் விடை தப்பாக வருகிறதே?

நீளவாக்கில் போடலாம் என்பது இரண்டே இடத்தில் விசை விழும் உறுப்புக்கு மட்டும்தான். உங்கள் கையில் மூன்று இடத்தில் விழுகிறது: சுவர்க் கீல், முட்டுக்கம்பி சேரும் இடம், சுமை தொங்கும் முனை.

ஓர் அளவு வைத்துப் பார்ப்போம். கை கிடைமட்டமாக 800 மி.மீ., சுவரில் A என்ற கீலில் மாட்டியிருக்கிறது, மறுமுனையில் 600 நியூட்டன் தொங்குகிறது. A-க்கு 300 மி.மீ. கீழே சுவரில் D என்ற கீல், அங்கிருந்து சாய்வாக ஏறும் முட்டுக்கம்பி, A-யிலிருந்து 400 மி.மீ. தள்ளி B-யில் கையைத் தாங்குகிறது. கை, கம்பி இரண்டின் சொந்த எடையையும் விட்டுவிடலாம்.

முதலில் முட்டுக்கம்பி. அதற்கு D, B இரண்டு முனைகளில் மட்டுமே விசை, நடுவில் எதுவும் இல்லை, அதனால் அந்த இரண்டும் DB கோட்டிலேயே எதிரெதிராக இருந்தால்தான் கம்பி சுழலாமல் நிற்கும். ஆக B-யில் கை மீது வரும் விசையின் திசை, கணக்கே போடாமல், கிடைத்துவிட்டது: 4 பங்கு வலம், 3 பங்கு மேல்.

இப்போது கை. DB கோட்டை மேலே நீட்டுங்கள், சுமையின் செங்குத்துக் கோட்டையும் மேலே நீட்டுங்கள். இரண்டும் கையின் முனைக்கு நேர் மேலே 300 மி.மீ. உயரத்தில் வெட்டிக்கொள்ளும், அந்தப் புள்ளி E. E-யைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால் இந்த இரண்டு விசைக்கும் பூஜ்ஜியம்தான், அப்படியென்றால் மூன்றாவதான A-யின் விசைக்கும் பூஜ்ஜியமாக இருந்தாக வேண்டும், அதாவது அதுவும் E வழியாகத்தான் போகும். A-யிலிருந்து E வரை 800 வலம், 300 மேல். சாய்வு 3/8.

அப்புறம் அளவு. கிடைமட்டத்தில் கம்பியும் கீலும் மட்டும்தான், அதனால் இரண்டின் கிடைமட்டப் பங்கும் சமம், H என்போம். கம்பி மேலே தள்ளுவது 3H/4, கீல் கீழே இழுப்பது 3H/8, மீதி 3H/8 சுமையைத் தாங்குகிறது. H = 1600. கம்பியில் 2000 நியூட்டன் அமுக்கம், கீலில் சுமார் 1709.

கவனித்தீர்களா, கீல் கையைக் கீழ்நோக்கி 600 நியூட்டன் இழுக்கிறது! சுமை கீழே தொங்குவதால் கீல் மேலே தாங்கும் என்றுதான் பலரும் அம்புக்குறி போடுவார்கள். கூடவே 1600 நியூட்டன் சுவர்ப் பக்கம் இழுக்கிறது, அதே அளவுக்கு அந்தக் கீலின் போல்ட் சுவரிலிருந்து பிடுங்கப்படும், ஆகவே போல்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது 600-ஐப் பார்த்து ஏமாறக் கூடாது.

A-யில் கீலுக்குப் பதில் வெல்டிங் என்றால் அங்கே திருப்புத்திறனும் வரும், E வழியாகப் போக வேண்டிய கட்டாயம் போய்விடும். கம்பியின் நடுவில் இன்னொரு சுமை மாட்டினாலும் DB கோடு செல்லாது. சுமையும் கம்பியும் இணையாக இருந்தால் E கிடைக்காது, அப்போது கீல் விசையும் அவற்றுக்கு இணையாகவே இருக்கும், திருப்புத்திறன் சமன்பாடு போட்டு முடித்துவிடுங்கள்.