கட்டணம் கல்விக்கு, படிவத்தில் குடும்பப் பராமரிப்பா?

கேள்வி: என் மகள் 2025 செப்டம்பரில் இங்கிலாந்தில் முதுகலை சேர்கிறாள். கட்டணம் சுமார் 18 லட்சம் ரூபாய். என் சேமிப்பிலிருந்து வங்கியின் இணையதளம் வழியாக அனுப்பப் போகிறேன். அதற்காக நிரப்பும் ஏ2 படிவத்தை அனுப்புவதற்கு முன் பார்த்தால், நோக்கம் என்ற இடத்தில் ‘குடும்பப் பராமரிப்பு’ என்றும் S1301 என்றும் இருக்கிறது. மே மாதம் விடுதி முன்பணமாக வேறொரு வங்கி மூலம் 3 லட்சம் அனுப்பியிருக்கிறேன். பணம் போய்ச் சேர்ந்தால் போதாதா? இதையெல்லாம் திருத்த வேண்டுமா?

பதில்: அவசியம் திருத்துங்கள், ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்துவதற்கு முன்பே. S1301 என்று இருந்தாலும் பணம் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவர்களுக்கு மாணவர் எண்ணும் தொகையும் பொருந்தினால் போதும். அடி விழுவது இந்தப் பக்கம், உங்கள் கையிருப்பில்.

தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு வங்கி டி.சி.எஸ். என்ற வரியைச் சேர்த்து வசூலிக்கிறது. 2025-26 நிதியாண்டின் விதிப்படி முதல் 10 லட்சம் ரூபாய்க்கு இது கிடையாது. அதற்கு மேல் போகும் தொகையில், சொந்தப் பணத்தில் கல்விக்கு அனுப்பினால் 5 சதவீதம். குடும்பப் பராமரிப்புக்கு என்றால் 20 சதவீதம். எந்த விகிதம் என்பதை வங்கி தீர்மானிப்பது நீங்கள் படிவத்தில் அறிவிக்கும் நோக்கத்தை வைத்துத்தான். பணம் பெறுபவர் பெயர் பல்கலைக்கழகம் என்றிருப்பதால் கணினி தானே புரிந்துகொள்ளும் என்று நம்ப வேண்டாம்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மே மாதத்து 3 லட்சம் வரம்பில் ஏற்கெனவே கழிந்துவிட்டது. மீதி 7 லட்சம். ஆகவே இப்போதைய 18 லட்சத்தில் 11 லட்சம் வரிக்குள் வருகிறது. கல்வி என்று அறிவித்தால் 55,000 ரூபாய். குடும்பப் பராமரிப்பு என்று விட்டுவிட்டால் 2,20,000 ரூபாய். வித்தியாசம் 1,65,000. இது அடியோடு போய்விடும் பணமல்ல. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். ஆனால் மகளுக்குச் செலவு நெருக்கும் மாதங்களில் அது அரசிடம் முடங்கிக் கிடக்கும்.

இனி, எந்தக் குறியீடு சரி என்பதற்கு வருகிறேன். ரிசர்வ் வங்கியின் பட்டியலில் கல்விக்கு இரண்டு இடங்கள் உண்டு. S0305 என்பது படிப்பதற்காக வெளிநாடு செல்பவர்களுடையது. கட்டணம், விடுதிச் செலவு எல்லாம் இதில் அடங்கும். S1107 என்பது இங்கிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனத்தின் அஞ்சல்வழிப் படிப்பு போன்றவற்றுக்குக் கட்டும் கட்டணம். உங்கள் மகள் நேரில் சென்று படிப்பதால் S0305. சில வங்கிகளின் பட்டியலில் எண் தெரியாமல் வெறுமனே ‘கல்வி’ என்று மட்டும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் பின்னால் S1107 விழக்கூடும். இரண்டுக்கும் வரி விகிதம் ஒன்றுதான் என்பதால் அதற்காகப் பதற வேண்டியதில்லை; முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் S1301-ஐயும் அன்பளிப்புக்கான S1302-ஐயும் கண்டால் அங்கேயே நில்லுங்கள்.

S1301 எப்படி வந்தது என்பதும் ஊகிக்கக் கூடியதே. பெறுபவரைப் பதிவு செய்யும்போது உறவு ‘மகள்’ என்று குறித்திருப்பீர்கள், அல்லது அவர் பெயரிலுள்ள பழைய பதிவையே எடுத்திருப்பீர்கள். பெறுபவராகப் பல்கலைக்கழகத்தைப் புதிதாகப் பதிந்து, நோக்கத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள். பிறகு கடைசிப் பக்கத்தில் சொற்களைப் பார்க்காமல் எண்ணைப் படியுங்கள். சேர்க்கைக் கடிதத்தையும் கட்டண அறிவிப்பையும் இணையுங்கள். அவற்றிலுள்ள மாணவர் பெயரும் எண்ணும் நீங்கள் செய்திப் பகுதியில் தட்டியதும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும்.

நோக்கத்துக்குக் கீழே பலர் கண்ணை மூடிக்கொண்டு தாண்டும் பகுதி ஒன்று உண்டு. இந்த நிதியாண்டில் இதற்கு முன் அனுப்பிய பணத்தின் தேதி, தொகை, எந்த வங்கிக் கிளை என்று கேட்கும் அட்டவணை அது. உங்கள் மே மாதத்து 3 லட்சம் இங்கே வர வேண்டும், வேறு வங்கி வழியாகப் போயிருந்தாலும். 10 லட்சம் வரம்பு வங்கிக்கு வங்கி தனித்தனியாகக் கிடைப்பதில்லை. உங்கள் பான் எண்ணுக்கு ஆண்டுக்கு ஒன்றுதான். காலியாக விட்டால் வங்கி 8 லட்சத்துக்கு மட்டும் வரி போட்டு 15,000 ரூபாய் குறைத்து வசூலிக்கும். அது லாபமல்ல. கீழே நீங்கள் கையொப்பமிடுவது, ஆண்டு வரம்பான 2,50,000 டாலருக்குள் எல்லா வழிகளிலும் அனுப்பியதைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன் என்றும், வாங்கும் அந்நியச் செலாவணி மேலே சொன்ன நோக்கத்துக்கே என்றும் தரும் உறுதிமொழி. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி தரப்படும் அறிவிப்பு அது. பொய்யாகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், வங்கி ஊழியர் அல்ல.

விண்ணப்பதாரர் பெயரையும் ஒரு முறை பாருங்கள். வசூலான வரி யாருடைய பான் எண்ணில் பதிவாகிறதோ அவருக்கே வரவாகும். ஆகவே பணம் யார் கணக்கிலிருந்து போகிறதோ அவரே விண்ணப்பதாரராக இருக்கட்டும். மகள் பெயரில் நிரப்பலாமே என்று சிலர் நினைப்பார்கள். படிக்க வெளிநாடு சென்றுவிட்ட மாணவர் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கண்ணில் இந்தியாவில் வசிக்காதவர். ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்ப வழி செய்யும் ரிசர்வ் வங்கியின் திட்டமோ இங்கே வசிப்பவர்களுக்கானது.

கல்விக்கடன் எடுப்பவர்கள் கவனத்துக்கு: வங்கி போன்ற வரையறுக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக்கடனில் அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் டி.சி.எஸ். அறவே இல்லை. ஆனால் நிதியின் ஆதாரம் என்ற இடத்தில் ‘கடன்’ என்று தெரிய வேண்டும், கடன் ஒப்புதல் கடிதமும் இணைக்கப்பட வேண்டும். கடன் பாதி, சேமிப்பு பாதி என்றால் இரண்டு தனிப் படிவங்களாக அனுப்புவது நல்லது. ஒன்றாகக் கலந்தால் முழுவதும் சொந்தப் பணமாகவே கணக்கிடப்படும் அபாயம் உண்டு.

ஒருவேளை நீங்கள் இதைப் படிப்பதற்குள் S1301 என்றே அனுப்பியிருந்தால், அன்றே கிளைக்கு எழுத்தில் சொல்லுங்கள். பணம் வெளியே போகாத நிலையில் ரத்து செய்து புதுப் படிவம் வாங்கிக்கொள்வது எளிது. போய்விட்டிருந்தாலும், சேர்க்கைக் கடிதத்தை இணைத்து நோக்கக் குறியீட்டைத் திருத்தக் கோருங்கள். வங்கி தன் காலாண்டு டி.சி.எஸ். அறிக்கையைத் தாக்கல் செய்வதற்குள் கேட்டால் காரியம் நடக்க வாய்ப்பு அதிகம். திருத்தவில்லை என்றால் வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் சம்பளதாரர் என்றால், வசூலான டி.சி.எஸ். விவரத்தைப் படிவம் 12BAA மூலம் அலுவலகத்தில் கொடுங்கள். 2024 அக்டோபர் முதல் சம்பளத்தில் பிடிக்கும் வரியை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ள இடமுண்டு. அடுத்த ஆண்டுக் கணக்குத் தாக்கல் வரை காத்திருக்கத் தேவையில்லை.