சென்சஸ் அட்டவணையை ஒரே வாக்கியத்தில் சொல்லும்போது எதை வெட்டுவது?

கேள்வி: 2011 சென்சஸில் வேலூர் மாவட்ட மக்கள்தொகை அட்டவணையை புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்கிறார் கைடு. எந்த எண்களை விடலாம்?

முதலில் வெட்ட வேண்டியது மற்ற எண்களிலிருந்து கணக்குப் போட்டு எடுத்துவிடக் கூடியவை. மொத்தம் 39,36,331, ஆண்கள் 19,61,688, பெண்கள் 19,74,643 என்று மூன்றையும் எழுதத் தேவையில்லை. ஆண் பெண் அளவைத்தான் சொல்லப்போகிறீர்கள் என்றால் 1000 ஆண்களுக்கு 1007 பெண்கள் என்ற ஒற்றை எண் போதும்.

பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். படிப்பவர், இங்கே பெண் குழந்தைகள்தான் அதிகம் பிறக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொள்வார். அதே அட்டவணையில் 0-6 வயது வரிசையைப் பாருங்கள்: ஆண் 2,22,460, பெண் 2,10,090. அதாவது 1000-க்கு 944. இவர்களைக் கழித்துவிட்டால் 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 1000-க்கு சுமார் 1015 வருகிறது. பெரியவர்களில் பெண்கள் அதிகமாக இருக்க வயதான பெண்கள் கூடுதல் காலம் வாழ்வதும், ஆண்கள் வேலைக்காக வெளியூர் போவதும் காரணமாகலாம். குழந்தைகள் வரிசையில் இந்த இரண்டுக்கும் இடமில்லை.

எனவே ஒரு வரிசையை விரலால் மறைத்துவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். மறைத்ததால் படிப்பவரின் முடிவு தலைகீழாக மாறினால் அதை வெட்டக்கூடாது. மொத்தத்தில் 0-6 வயதினர் 11 சதவீதம்தான், சின்ன வரிசை. ஆனாலும் அதை வைத்தே ஆக வேண்டும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "2011 கணக்கெடுப்பில், பிரிக்கப்படாத வேலூர் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 1007 பெண்கள் இருந்தனர், 0-6 வயதினரில் இது 944."

"944 மட்டுமே" என்று ஏன் எழுதவில்லை, பெண் சிசுவை அழிப்பதை மறைக்கிறீர்களா என்று யாராவது கேட்கலாம். இயற்கையாகவே 1000 ஆண் குழந்தைகளுக்கு சுமார் 950 பெண் குழந்தைகள்தான் பிறக்கின்றன. 944 அதற்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. "மட்டுமே" என்று சேர்த்தால் அட்டவணை சொல்லாத குற்றச்சாட்டை நாம் சொன்னதாகிவிடும். காரணம் தேடுவதற்கு ஊர் வாரியான அட்டவணை வேண்டும்.

"பிரிக்கப்படாத" என்ற சொல்லை நீளம் கருதி வெட்டிவிடாதீர்கள். 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகிவிட்டன. அந்தச் சொல் இல்லையென்றால் படிப்பவர் இன்றைய சிறிய வேலூருக்கு 39 லட்சம் பேரை ஏற்றிவிடுவார்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. இதே மாவட்டத்தின் எழுத்தறிவு ஒரு இடத்தில் 70.47, இன்னொரு இடத்தில் 79.17 என்று இருக்கும். இரண்டிலும் எழுத்தறிந்தவர்களின் எண்ணிக்கை ஒன்றுதான். முதலாவதில் கைக்குழந்தைகளையும் சேர்த்து மொத்த மக்கள்தொகையால் வகுத்திருக்கிறார்கள். சென்சஸ் முறைப்படி 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் 79.17 வரும். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் எழுத இடம் இருக்கிறது, "7 வயதும் அதற்கு மேலும்" என்று எழுத இடம் இல்லையாம். இலக்கங்களை வெட்டி 79 சதவீதம் என்று எழுதுங்கள், அந்த இடத்தில் வயதைப் போடுங்கள்.