“என்னை நினைவிருக்கிறதா?”: உரையாடல் செயலிகளின் நினைவகம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: நான் பயன்படுத்தும் சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் “என்னை நினைவிருக்கிறதா?” என்று கேட்டேன். “இல்லை” என்றது. அடுத்த கேள்விக்கே நான் கணித ஆசிரியை என்பதை வைத்துப் பதில் சொன்னது. அது பொய் சொன்னதா ஐயா?

பொய் என்று சொல்ல மாட்டேன். செயலிக்குள் இருந்து பதில் எழுதும் மென்பொருளை ‘மொழி மாதிரி’ என்பார்கள். அது ஒவ்வொரு பதிலையும் அந்த நேரத்தில் தன் முன் வைக்கப்பட்ட எழுத்தைப் படித்தே உருவாக்குகிறது. பதில் முடிந்ததும் அதனிடம் எதுவும் தங்குவதில்லை. செயலியின் நினைவக வசதி இயங்கும்போது, “பயனர் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறார்” என்பது போன்ற சேமித்த குறிப்புகளைச் செயலி எடுத்து, உங்கள் கேள்விக்கு முன்பாக, உங்கள் கண்ணில் படாமல் சேர்த்து அனுப்புகிறது. அந்தக் குறிப்பு இருந்ததால்தான் இரண்டாம் பதில் உங்கள் தொழிலுக்கேற்ப அமைந்தது. முதல் கேள்விக்கு வந்த “இல்லை” என்பதோ, அத்தகைய கேள்விகளுக்கு வழக்கமாகத் தரப்படும் பதிலின் சாயலில் எழுந்த வாக்கியம். சில செயலிகள் பழைய உரையாடல்களைத் தேடிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதும் உண்டு. ஆனால் தேடாமலேயே “ஆம்” என்றோ “இல்லை” என்றோ உறுதியாகச் சொல்லிவிடவும் கூடும் என்பதால், அதன் வாய்மொழியைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். அமைப்புகள் பக்கத்தில் சேமித்த நினைவுகளின் பட்டியல் இருந்தால் அதைத் திறந்து படியுங்கள்.

கேள்வி: இதில் என்ன சந்தேகம்? நாம் பேசப் பேச அது நம்மைக் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் நினைவகத்தை இயக்கினால் பதில் மாறுகிறது.

பதில் மாறுகிறது என்பது சரி, காரணம் வேறு. நினைவகத்தை இயக்குவதால் மாதிரி மாறுவதில்லை. அதற்குப் படிக்கக் கிடைக்கும் தாள்தான் மாறுகிறது. உரையாடல்களை மாதிரியின் பிற்காலப் பயிற்சிக்கு அனுமதிப்பது பல செயலிகளில் தனி அமைப்பு. அதையும் நினைவகத்தையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

என்னிடம் ஒருவர் கொண்டுவந்த இரண்டு பதில்களைச் சொல்கிறேன். “மாத வரவு செலவை எப்படிக் கணக்கு வைப்பது?” என்று ஒரே கேள்வியை இருமுறை கேட்டிருந்தார். நினைவகம் அணைந்திருந்தபோது விரிதாளில் மூன்று நெடுவரிசைகள் போடச் சொன்னது. இயங்கியபோது பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதிக் கொடுத்தது. பட்டியலைத் திறந்தோம். “பயனர் பைத்தான் கற்கிறார்” என்றிருந்தது. அவர் பல மாதங்களுக்கு முன் இரண்டு நாள் முயன்று கைவிட்ட படிப்பு அது. நினைவகத்தின் பெரிய குறை இதுதான் என்பது என் கருத்து: குறிப்பு பழசாகிவிட்டதா என்று அறிய அதற்கு வழி குறைவு, கேள்விக்குத் தொடர்பில்லாத இடத்திலும் அதைப் பிடித்துக்கொள்கிறது. அந்த ஒரு வரியை நீக்கிப் புதிய உரையாடலில் கேட்டபோது விரிதாளே வந்தது.

கேள்வி: ஒரு முறை கேட்டதை வைத்து எப்படி முடிவு செய்தீர்கள்? நினைவகத்தை அணைத்துவிட்டுக் கேட்டாலே எனக்கு இரண்டு தரம் இரண்டு பதில் வருகிறதே.

நியாயமான மறுப்பு. மாதிரி பதிலைச் சொல் சொல்லாக அமைக்கும்போது, அடுத்த சொல்லைத் தேர்வதில் சிறிது தற்செயல் கலந்திருப்பதால், எதையும் மாற்றாமலேயே பதில் வேறுபடும். அதனால் நாங்கள் அணைத்த நிலையில் மூன்று முறையும் இயக்கிய நிலையில் மூன்று முறையும், ஒவ்வொன்றையும் புதிய உரையாடலில், எழுத்து மாறாமல் கேட்டோம். அணைத்த மூன்றும் சொல்லில் வேறுபட்டாலும் விரிதாளைத் தாண்டவில்லை. இயக்கிய மூன்றிலும் பைத்தான் இருந்தது. மூன்று முறை என்பது உறுதியான நிரூபணம் ஆகாது. பட்டியலில் அந்த வரியும் இருந்ததால்தான் நம்பினேன். “நான் ஆசிரியை என்பது நினைவிருக்கிறதா?” என்று விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால் சோதனை அங்கேயே கெட்டுவிடும்.

கேள்வி: எனக்கும் இதே தொல்லை. நீளமான கதை ஒன்றை ஒரே உரையாடலில் எழுதி வருகிறேன். நினைவகம் இயங்கியும் முதல் அத்தியாயத்தின் பாத்திரப் பெயரை மறந்துவிட்டது.

உங்களுடையது வேறு சிக்கல். ஒரே நேரத்தில் மாதிரி படிக்கக்கூடிய எழுத்துக்கு அளவு உண்டு. உரையாடல் அதைத் தாண்டினால் தொடக்கப் பகுதி வெட்டப்படலாம் அல்லது சுருக்கப்படலாம். நினைவகம் கதை முழுவதையும் தாங்காது. பாத்திரங்களின் பெயர்களையும் உறவுகளையும் ஒரு பக்கத்தில் எழுதிவைத்து, புதிய உரையாடலின் தொடக்கத்தில் ஒட்டுங்கள்.

கேள்வி: நினைவகத்தை அணைத்தேன், பழைய உரையாடலையும் அழித்தேன். மீண்டும் இயக்கியதும் என் உடல்நலக் குறிப்பு வந்து நிற்கிறது. ஏன்?

அணைப்பது பயன்பாட்டை நிறுத்துகிறது, சேமித்ததை அழிப்பதில்லை. சாட்ஜிபிடியில், உரையாடலை நீக்கினாலும் அதிலிருந்து சேமித்த நினைவு தனியே நிற்கும். அதைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். 2025 ஏப்ரலில் அச்செயலி பழைய உரையாடல்களையும் துணைக்கு எடுக்கத் தொடங்கிய பின், பட்டியலில் இல்லாத செய்தியும் பதிலில் எட்டிப் பார்க்கலாம். ஆகவே குறிப்பு, அது பிறந்த உரையாடல் இரண்டையும் நீக்குங்கள். நீங்களே எழுதிவைத்த தனிப்பயன் அறிவுறுத்தல்களில் அது இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் அது வேறு அமைப்பு. இனி உடல்நலம் பற்றிக் கேட்பதாயிருந்தால், ‘தற்காலிக உரையாடல்’ என்ற வசதியைத் திறந்து கேளுங்கள். அங்கே சொன்னது நினைவகத்தில் சேராது.