பூனையின் நகத்தை எடுப்பது என்றால் எதை எடுப்பது?

வெள்ளவத்தையில் மாடிவீட்டில் இருக்கிறோம். பூனை செற்றியைக் கிழிக்கிறது. நகத்தை நிரந்தரமாக எடுத்துவிடலாமா?

வேண்டாம். பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்தே முளைக்கிறது. திரும்ப வளராதிருக்க அந்த எலும்பையே மூட்டோடு வெட்டி எடுக்கிறார்கள். முன்கால்களில் மட்டும் 10 எலும்புகள். நம் விரல்களைக் கடைசி மூட்டோடு துண்டிப்பது போலத்தான். பூனை விரல்களில் நடக்கும் பிராணி. நுனி போனால் நடை மாறி, காலப்போக்கில் முதுகும் நோகலாம். மணல் தட்டைக் கிளறவே வலிப்பதால் வெளியே சிறுநீர் கழிக்கும். பாவம், அதற்கும் ஏச்சு வாங்கும்.

நகத்தின் கூர்நுனியை மட்டும் வெட்டி, மென்மையான பிளாஸ்டிக் நக உறைகளை ஒட்டலாம். 4 முதல் 6 வாரங்களில் நகம் வளர, அவை தானே கழன்றுவிடும். அப்புறம், செற்றிக்குப் பக்கத்தில் தும்புக் கயிறு சுற்றிய உயரமான கட்டை ஒன்றும் வையுங்கள்.

லேசரில் செய்தால் வெறும் நகம்தான் போகும் என்று பலர் நம்புகிறார்கள். அதிலும் வெட்டப்படுவது அதே எலும்புதான்.