ஐசோஸ்பெஸ்டிக் புள்ளி கீழே இறங்கினால் என்ன அர்த்தம்?

கேள்வி: "தைட்ரேஷனில் எடுத்த நிறமாலைகள் எல்லாம் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். எனக்குக் காரம் சேர்க்கச் சேர்க்க அந்த இடம் இறங்கிக்கொண்டே போகிறது. மூன்றாவது சேர்மம் உருவாகிறதா?"

முதலில் நீர்த்தலைச் சந்தேகியுங்கள். நானும் இதே இடத்தில் மாட்டிக்கொண்டு, இல்லாத மூன்றாவது சேர்மத்தை இரண்டு நாள் தேடியிருக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது புரோமோதைமால் புளூ. அதன் அமில வடிவம் 433 நானோமீட்டர் அருகே அதிகம் உறிஞ்சும், கார வடிவம் 616 அருகே. சுமார் 500-இல் இரண்டுக்கும் மோலார் உறிஞ்சுதிறன் ஒன்றே. ஒரு மூலக்கூறு அமில வடிவத்தை விட்டுப் போனால் கார வடிவத்தில் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான். ஆகவே அந்த அலைநீளத்தில் உறிஞ்சல், எது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. மொத்தச் செறிவை மட்டுமே பார்க்கிறது.

சிக்கலும் அங்கேதான். குவெட்டில் 3.00 மி.லி. கரைசல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக 0.30 மி.லி. காரம் சேர்த்தேன். 500-இல் 0.500 என்று தொடங்கியது 0.455-க்கு வந்துவிட்டது. வளைவுகளும் ஒரே இடத்தில் வெட்டாமல் சிதறின. ஒவ்வொரு வளைவையும் அந்தந்தக் கட்டத்தின் (3.00 + சேர்த்த கன அளவு)/3.00 என்ற எண்ணால் பெருக்கியதும் எல்லாம் ஒரே இடத்தில் வந்து கூடின. கடைசி வளைவுக்கு அந்த எண் 1.10.

திருத்திய பிறகும் வெட்டும் இடம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போனால், அப்புறம் மூன்றாவது சேர்மத்தைப் பற்றி யோசிக்கலாம். இரண்டு புரோட்டானை அடுத்தடுத்து இழக்கும் சேர்மங்களில், தொடக்க வளைவுகள் ஒரு புள்ளியிலும் பிந்தைய வளைவுகள் வேறொரு புள்ளியிலும் கூடுவது உண்டு. கரைசல் கலங்கினாலும் ஒழுங்கு கெடும்; ஆனால் அப்போது இரண்டு வடிவங்களும் உறிஞ்சாத 750 அருகிலும் அடிக்கோடு உயர்ந்திருக்கும். அதை வைத்துப் பிரித்தறியலாம்.

இன்னொன்று. புள்ளி தெளிவாக அமைந்தாலும் சேர்மங்கள் இரண்டே இரண்டுதான் என்று அது நிரூபித்துவிடாது. ஒன்று பிரிந்து, எப்போதும் ஒரே விகிதத்தில் இரண்டைத் தந்தாலும் புள்ளி கிடைக்கக்கூடும். புள்ளி சொல்வது, ஒரே ஒரு மாற்றம்தான் நடக்கிறது என்பதை. நான் கூடுதலாக, திருத்திய 433 மதிப்புகளை 616 மதிப்புகளுக்கு எதிராக வரைந்து பார்ப்பேன். நேர்கோடு வந்தால் தைரியமாகக் கணக்குக்குப் போகலாம்.

கணக்கு எளிது. 616-இல் முழு அமிலத்தில் 0.02, முழுக் காரத்தில் 1.10, pH 6.80-இல் 0.38 என்று வைத்துக்கொள்வோம்.

```
[In-]/[HIn] = (0.38 - 0.02)/(1.10 - 0.38) = 0.50
pKa = 6.80 - log(0.50) = 7.10
```

இதே கணக்கை மற்ற pH-களிலும் போட்டுப் பாருங்கள். மதிப்பு pH-உடன் சேர்ந்து ஒரே திசையில் ஏறினால், நீர்த்தல் திருத்தத்தை ஏதோ ஒரு வளைவில் விட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.